டெமோ வீடியோவின் கடைசி வரி

காப்பி எஸ்டேட்டுகளுக்கென்று நானும் என் மனைவியும் ஒரு மென்பொருள் செய்து, ஏற்காட்டில் ஓர் அறை பிடித்து, டெமோ வீடியோவும் போட்டோம். நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை. வீடியோவின் கீழிருந்த விளக்கத்தையே மாற்றி மாற்றி எழுதிச் செத்தேன்: ஆள் வருகைப் பதிவு, பழ எடை, சிக்னல் இல்லாத காட்டில் பதிந்தாலும் பிறகு தானே சேரும் வசதி, சின்னத் தோட்டத்துக்கும் ஏற்றது. கடைசி வரியில் எங்கள் வாட்ஸ்அப் லிங்க்.

அறையைக் காலி செய்ய முடிவெடுத்து, ‘மேசை விற்பனைக்கு’ என்று கதவில் ஒட்டிய அன்று, தலைச்சோலைப் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வந்தார்.

“உங்க வீடியோ பாத்தனுங்க. லிங்க்க அமுக்குனா நெம்பர் தப்புன்னே வந்துச்சுங்க.”

“போன்ல அடிச்சுப் பாத்துத்தானே போட்டோம்?” என்றாள் மனைவி.

போனில் அடித்தால் மணி அடிக்கும். லிங்க்குக்கு எண்ணின் முன்னால் நாட்டுக் குறியீடு 91 வேண்டும். அது இல்லை.

அங்கேயே திருத்தி, அமுக்கச் சொன்னேன். லிங்க்கில் நான் முன்பே எழுதி வைத்திருந்த வாசகம் அவர் போனிலிருந்து எனக்கு வந்து விழுந்தது: ‘டெமோ வேண்டும்.’

“உடனே காட்டறேனுங்க” என்றேன்.

“நாங்க வேற ஒண்ணு வாங்கிட்டமுங்க” என்றவர், மேசையைத் தட்டிப் பார்த்தார். “ஏனுங்க, இது தேக்குங்களா?”