டுவென்டே என்கிற வீட்டுக்காரன்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மதியம், சிட்னி நகரத்துக்குள் ஒரு ஸ்பானிய கிளப்பில், என் மனைவி கோமதி அழுதாள்.

பாட்டுக் கேட்டுத்தான் அழுதாள். பாடியது நான் அல்ல. இந்த வாரம் எழுத வந்த விஷயமே அதுதான்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் கொஞ்சம் ஒழுங்குக்காரன். டிராயிங் ஆபீசில் வேலை. அடி, அங்குலக் கணக்கில் இருக்கும் பழைய வரைபடங்களை எல்லாம் மில்லிமீட்டருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். ஆஸ்திரேலியாவே இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறது. என் கோடு நேர்கோடாக இருக்கும். பாட்டும் அப்படியே. பத்து வயதில் ஆரம்பித்து முறையாகக் கற்றது. ஸ்ட்ராத்ஃபீல்டில் எங்கள் ஃபிளாட்டில் தினமும் சாயங்காலம் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்காருவேன். தாளம் தப்பியது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. பக்கத்து ஃபிளாட்காரர் சுவரைத் தட்டுவார். அதுவும் தாளத்தில் இருக்காது.

எனக்கு அடுத்த மேசையில் ரஃபாயேல். தெற்கு ஸ்பெயினில் ஹெரெஸ் என்ற ஊர்க்காரன். அவன் வரைபடத்தில் மைக்கறை இருக்கும், காபிக்கறை இருக்கும், சில நாள் சிகரெட் சாம்பலும் இருக்கும். அவன் கோடுகளை நான் சரி செய்து கொடுப்பேன். நன்றி சொல்லிவிட்டு, பதினொரு மணி டீக்கு எல்லோருக்கும் முன்னால் போய்விடுவான்.

அவன் பாடுவான் என்று தெரியவந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இவனா? ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வா, மனைவியையும் கூட்டிக்கொண்டு வா என்றான். போனோம்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். அதற்குச் சில மாதங்கள் முன்பு தஞ்சாவூரிலிருந்து தந்தி வந்திருந்தது. கோமதியின் அம்மா இறந்துவிட்டார். உடனே கிளம்பிப் போகிற தூரமா இது? தந்தி வருவதற்குள்ளேயே எல்லாம் முடிந்திருந்தது. கோமதி அழவில்லை. தந்தியை மடித்து அலமாரியில் வைத்தாள். அன்று சாயங்காலம் நான் அவளுக்காகவே பாடினேன். நல்ல கனமான ராகம், மெதுவான சௌக்க காலம், ஒரு ஸ்வரம் பிசகவில்லை. முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"காபி போடட்டுமா?" என்றாள்.

அதற்குப் பிறகும் அவள் அழவில்லை. அழுதுவிட்டால் தேவலை என்று எனக்கு இருந்தது. என் பாட்டில் அழவேண்டும் என்றும் இருந்தது... இரண்டும் ஒன்றல்ல என்பது அப்போது தோன்றவில்லை.

சரி, கிளப்புக்கு வருவோம். சாப்பாடு முடிந்தது. மேசைகளை நகர்த்தி, நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டார்கள். மேடை கிடையாது, மைக் கிடையாது. ரஃபாயேலின் மச்சான் கிடாரை எடுத்தார். ஃபிளமெங்கோ என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? சிவப்புப் பாவாடை, குதிகால் ஆட்டம். அதெல்லாம் இல்லை. ரஃபாயேல் நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்தான். கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டான். பாடப்போவது 'சிகிரியா' என்றார்கள். அவர்கள் பாட்டு வகைகளிலேயே மிகத் துக்கமானது அதுதானாம்.

ஆரம்பத்தில் வார்த்தையே கிடையாது. 'ஆய்' என்று ஒரு நீண்ட குரல். நம் ஆலாபனை போலத்தானே என்று நினைத்தேன். ஆலாபனை ஒரு கட்டடம். இது யாரோ ஒரு கனமான கதவைத் தோளால் தள்ளுவது போல இருந்தது. கிடார்காரர் அவன் வாயையே பார்த்துக்கொண்டு, காத்திருந்து காத்திருந்து வாசித்தார்.

ஒரு கிழவர் மேசை மேல் விரல் முட்டியால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். என்னால் சும்மா இருக்க முடியுமா? என்ன தாளம் இது? ஐந்து அடி. ஆனால் சம அடிகள் இல்லை. இரண்டு குட்டை, இரண்டு நெட்டை, மறுபடி ஒரு குட்டை. குட்டைக்கு இரண்டு, நெட்டைக்கு மூன்று... மொத்தம் பன்னிரண்டு! விரல் மடக்கிக் கண்டுபிடித்துவிட்டேன். அவன் குரலோ அதன்மேல் எங்கோ மிதக்கிறது, ஆனால் விழ வேண்டிய இடத்தில் விழுகிறது. கணக்கு சரிதானா என்று இன்னொரு சுற்றும் எண்ணினேன்.

எண்ணிக்கொண்டிருந்தபோதே அது நடந்துவிட்டது.

மேலே ஏறிய அவன் குரல் நடுவில் கீறி உடைந்தது. நம்மூரில் அப்படி உடைந்தால் பாடகர் இருமி, தண்ணீர் குடித்துச் சமாளிப்பார். இவன் சமாளிக்கவில்லை. உடைந்த குரலோடேயே மேலே போனான். அந்த இடத்தில் கூட்டம் 'ஓலே' என்றது. கத்தவில்லை. அடிபட்டவர்கள் முனகுவது போல, தணிந்த குரலில்.

நான் நிமிர்ந்தேன். பக்கத்தில் கோமதி. புடவைத் தலைப்பு வாயில். தோள் குலுங்குகிறது. தந்தி வந்ததிலிருந்து வராத அழுகை.

பாட்டு ஒரு அழகான இறக்கத்தோடு சரியாகத் தாள அடியில் வந்து முடிந்தது. அந்த முடிப்பு சுத்தம். எனக்குத் தெரிந்த ஒரே மரியாதையைச் செய்தேன். "பேஷ்!" என்றேன், பலமாக.

மேசையில் தட்டிய கிழவர் திரும்பி என்னைப் பார்த்தார். சாவு வீட்டில் சாப்பாட்டைப் புகழ்ந்தவனைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

ரஃபாயேலிடம் பாட்டின் அர்த்தம் கேட்டேன். தாய் சாகக் கிடக்கிறாள், மகன் தொலைவில் இருக்கிறான். அவ்வளவுதான், மூன்று நான்கு வரி. ரயிலில் திரும்பும்போது கோமதியிடம் சொன்னேன். "அப்படியா?" என்றாள். அந்த அர்த்தம் அவளுக்குத் தேவைப்படவில்லை என்பது அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிந்தது. எனக்கு வயிறு எரிந்தது. இருபது வருஷமாக என் பாட்டைக் கேட்கிறவள், ஒரு வார்த்தை புரியாத பாஷையில், மைக்கறைக்காரன் ஒருவனிடம் போயா அழ வேண்டும்?

திங்கட்கிழமை ஆபீசில் அவனையே கேட்டேன். நேற்று என்ன செய்தாய்?

"நான் ஒண்ணும் செய்யல, அமீகோ. டுவென்டே வந்துச்சு."

டுவென்டே என்றால்? அதற்குத் தமிழ்ச் சொல் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று சவால் விட்டேன். ஒரு பொருளுக்குப் பெயர் வைத்துவிட்டால் பாதி ஜெயித்த மாதிரி அல்லவா?

'அருள்' என்றேன். மேலேயிருந்து கடவுள் தருவது என்று விளக்கினேன். இது மேலேயிருந்து வருவதில்லை, தரைக்குள்ளிருந்து உள்ளங்கால் வழியாக ஏறுகிறது என்றான். 'சாமி வருவது' என்றேன். சாமி வந்தவருக்குப் பிறகு ஒன்றும் நினைவிருக்காது என்று நானே சொல்லித் தொலைத்தேன். தனக்கு எல்லாம் நினைவிருக்கிறது, தாளத்தை ஒரு கணமும் விடவில்லை என்றான். போதாததற்கு, நம் சாமி உடுக்கை அடித்தால் வரும். இதற்கு உடுக்கையே கிடையாது. 'உருக்கம்'? உருக்கம் நெய் மாதிரி இளகும். இதுவோ தொண்டையைச் சுரண்டிக்கொண்டு வருகிறது. 'ஆவேசம்'? நேற்று யாராவது கத்தினார்களா? ராக பாவம் என்கிறோமே, அந்த 'பாவம்'? அதை வாத்தியார் சொல்லிக்கொடுக்கலாமே. டுவென்டேயை இன்றுவரை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லையாம்.

பேச்சுவழக்கில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டேன். வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் குட்டிப் பிசாசாம். கத்தரிக்கோலை ஒளித்து வைக்கும், பாத்திரத்தை உருட்டும். எனக்கு ஒரே குஷி. குட்டிச்சாத்தான்! ஆனால் குட்டிச்சாத்தானை மந்திரவாதி ஏவலாமே என்று மறுகணமே உறைத்தது. இதை ஏவ முடியாது.

"பழைய ஸ்பானிஷ்ல அதுக்கு வீட்டுக்காரன்னு அர்த்தம்," என்றான் ரஃபாயேல். "நாம குடியிருக்கிறவங்கதான். அவன் இஷ்டப்பட்டா வருவான்."

சொல்லில் பிடிபடாவிட்டால் டேப்பில் பிடிப்போம். அடுத்த முறை கேசட் ரெக்கார்டரோடு போனேன். கோமதியும் வந்தாள். சொல்லப்போனால், எனக்கு முன்னால் கிளம்பி நின்றாள். அதே நாற்காலி, அதே மச்சான், அதே பாட்டு. சிவப்பு பட்டனை அழுத்தினேன்.

அன்று அவன் குரல் உடையவே இல்லை. சென்ற முறையைவிடச் சுத்தம். ஏறிய இடத்தில் நின்றான், இறங்கிய இடத்தில் இறங்கினான். பாட்டு முடிந்ததும் எல்லோரும் நன்றாகக் கைதட்டினார்கள். கைதட்டினால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். அதை அதற்குள் நான் கற்றிருந்தேன். கோமதி கைப்பையைத் திறந்து ரயில் டிக்கெட் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? ஜில்லென்று இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன்.

ரஃபாயேல் முகத்தில் வருத்தமே இல்லை. ஒயின் கிளாசோடு வந்து உட்கார்ந்தான்.

"இன்னிக்கு வரல," என்றான். "உன் மெஷினைப் பார்த்தேனா, நல்லாப் பாடணும்னு தோணிடுச்சு."

"நல்லாப் பாடினா என்ன தப்பு?"

"தப்பில்ல. நல்லாப் பாடினோம்... அவ்வளவுதான்."

அந்த கேசட் என்னிடம் இருக்கிறது. குற்றம் சொல்ல முடியாத பாட்டு. இரண்டாவது முறை போட்டுக் கேட்கத் தோன்றவில்லை.

இனி இந்த வாரக் கதை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம். வழக்கம்போல சுருதிப் பெட்டி. கோமதி சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அன்று ஆபீசில் தகராறு, தொண்டையில் சளி, மனசு எதிலும் நிற்கவில்லை. தந்தி வந்த அன்று பாடிய அதே பாட்டு எப்படியோ வாயில் வந்தது. அனுபல்லவியில் மேலே போகும்போது, நாங்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது கோமதியின் அம்மா வழியனுப்பத் தஞ்சாவூர் ஸ்டேஷன் வரை வந்து, ரயில் நகரும்போது கையில் திணித்த எலுமிச்சம்பழம் ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை. குரல் கீறி, சுருதியை விட்டு விலகியது.

கத்திச் சத்தம் நின்றது.

நான் கனைத்துக்கொண்டேன். சுருதிப் பெட்டியைச் சரிபார்த்தேன். அனுபல்லவியை முதலிலிருந்து எடுத்து, அந்த இடத்தை மிகச் சரியாகப் பாடினேன்.

கோமதி சமையலறை வாசலில் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. முகத்தில் இருந்தது கோபம்.

"ஏங்க நிறுத்தினீங்க?"

"சுருதி விலகிடுச்சு."

"ஆமா, விலகிச்சு. அதனால என்ன?" என்றாள். "அம்மா வந்து நின்ன மாதிரி இருந்துச்சு. அதுக்குள்ள கனைச்சிட்டீங்க."

திரும்பிப் போய்விட்டாள். மறுபடி கத்திச் சத்தம் கேட்டது.

இத்தனை நாளும் ரஃபாயேலைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அந்தப் பொறாமை ஆள் மாறிவிட்டது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்த ஒரு மூச்சு நேரம் என் குரலில் பாடினானே ஒருவன், அவன்மேல்.

வீட்டுக்காரர் வந்திருக்கிறார்... நான்தான் அவர் முகத்தில் கதவைச் சாத்திவிட்டு, சுருதி சரிபார்த்துக்கொண்டிருந்தேன்!