கடைசி மாதத்து பேசிக்

திருமயத்திலிருந்து பொன்னமராவதி போகும் சாலையில் இருக்கும் அந்த நூற்பாலையில், ஓய்வு பெறும் வயதுவரை யாரும் தாக்குப்பிடித்தது கிடையாது. ஸ்பின்னிங்குக்கு வரும் பெண்கள் பெரும்பாலும் மூன்று வருடத்தில் கல்யாணமாகிப் போனார்கள். ஆண்கள் அதற்கு முன்பே திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போனார்கள். செல்வராணி மட்டும் போகவில்லை. 1997 ஏப்ரலில் நூல் சுற்றும் பிரிவில் சேர்ந்தவர், கணக்கில் தப்பு கண்டுபிடிக்கும் கெட்ட பழக்கத்தால் இரண்டே வருடத்தில் ஆபீசுக்குள் வந்துவிட்டார். 2025 மார்ச் 31 அன்று அவருக்கு ஐம்பத்தெட்டு முடிய இருந்தது. ஆலையில் இருபத்தெட்டு வருடம்.

அப்படி ஒருவர் முழு வயதில் ஓய்வு பெறுவது அந்த ஆலைக்கே புதுசு. அதனால் பிப்ரவரியிலேயே ஆடிட்டர் பிரகதீஸ்வரி புதுக்கோட்டையிலிருந்து போன் செய்து, சேர்ந்த வருடம் முதல் இன்றுவரை சம்பளம், உயர்வு, பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் வருடவாரியாக ஒரே தாளில் வேண்டும் என்றார். தயாரிக்க வேண்டியவர் சம்பளக் கணக்கர். சம்பளக் கணக்கர் செல்வராணி. ஆக, தன் கணக்கைத் தானே போட உட்கார்ந்தார்.

அவருக்கு அந்தத் தாள் தேவையே இல்லை என்றுதான் நினைப்பு. தொகை மனதில் முன்பே இருந்தது. குடியிருக்கும் வீட்டைச் சொந்தக்காரர் விற்கிறார். பத்திரச் செலவோடு பத்தேமுக்கால் லட்சம். ஐம்பதாயிரம் அட்வான்ஸை அக்காளிடம் கடனாக வாங்கிக் கொடுத்தாயிற்று, ஏப்ரல் கடைசியில் கிரயம். பி.எஃப்.பில் ஆறேமுக்கால் கிடக்கிறது. கிராஜுவிட்டி? மாதச் சம்பளம் முப்பத்து நாலாயிரம். அதை இருபத்தாறால் வகுத்து, பதினைந்தால் பெருக்கி, இருபத்தெட்டு வருடத்தால் பெருக்கினால் ஐந்தரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. வீடு போக, அக்காள் கடனும் அடைத்து, மிச்சமும் இருக்கும். இந்தக் கணக்கை அவர் பஸ்ஸில் வரும்போது பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறார். ஒருமுறையும் தவறவில்லை.

எக்செல் வேறு மாதிரிச் சொன்னது.

வருடத்துக்கு ஒரு வரி. பி.எஃப். பத்தியில் அவர் பங்கு பன்னிரண்டு சதவீதம். முதலாளி பங்கு பன்னிரண்டில் 8.33 பென்ஷனுக்குப் போக மீதி 3.67, அதன்மேல் அந்தந்த வருட வட்டி. 2011இல் மகள் கல்யாணத்துக்கு எடுத்தது கழித்தல். கடைசி வரியில் ஆறு லட்சத்து எழுபத்தையாயிரம். அது சரி. அடுத்த பத்தி கிராஜுவிட்டி: 2,10,000.

ஃபார்முலாவில் எங்கோ தப்பு என்று மூன்று தடவை அழித்துப் போட்டார். அதே இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். பிறகுதான் கண் இடப்பக்கம் போனது. கிராஜுவிட்டிக்குச் சம்பளம் என்பது பேசிக் எனும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்தான். வீட்டு வாடகைப் படியும் பயணப் படியும் அதில் சேராது. அவருடைய பேசிக், பஞ்சப்படி இரண்டும் சேர்த்துப் பதின்மூன்றாயிரம். மீதி இருபத்தோராயிரம் படிகள். 1997 முதல் 2009 வரை பேசிக் வருடா வருடம் ஏறி வந்தது. 2009க்குப் பிறகு, அரசாங்கம் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியபோதெல்லாம் மட்டும் வேண்டாவெறுப்பாக நகர்ந்தது. அந்த வருடம் என்ன நடந்தது?

அந்த வருடம் செல்வராணிக்கு ஒரு யோசனை வந்தது. சம்பள உயர்வை பேசிக்கில் போடாமல் படியில் போட்டால் முதலாளிக்கு பி.எஃப். செலவு மிச்சம், தொழிலாளிக்குப் பிடித்தம் குறைந்து கையில் கூடுதல் காசு. சட்டத்துக்குள்தான் எல்லாம். இரண்டு தரப்பும் அவரைக் கொண்டாடின. முதலாளி வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்தார். கேன்டீன் செவந்தி ஒரு வாரம் டீக்குக் காசு வாங்கவில்லை. பதினாறு வருடமாக அந்த யோசனை, அதைக் கண்டுபிடித்தவரையும் விடாமல், எல்லோரையும் ஒரே நீதியோடு நடத்திவந்திருக்கிறது.

ஐந்தாறு வருடத்தில் கணக்கு முடித்துப் போனவர்களுக்கெல்லாம் அவரே இந்த முறையில்தான் போட்டுக் கொடுத்திருக்கிறார். சிறு தொகையில் வித்தியாசம் உறைக்கவில்லை. தன் விஷயத்தில் மட்டும் சம்பளம் என்றால் முப்பத்து நாலாயிரம் என்றே மனசு வைத்திருந்தது. அன்று மத்தியானம் டிபன் பாக்ஸை அவர் திறக்கவே இல்லை.

முதலாளி குமரப்பன் சென்னைவாசி. மாதத்தின் முதல் சனிக்கிழமை மட்டும் வருவார். மார்ச் ஒன்றாம் தேதியே சனிக்கிழமையாக வாய்த்தது. வந்ததும், நீங்கள் போகும்போது ஆலை ஒரு மோதிரம் போடலாமென்று இருக்கிறது, அரைப் பவுனா முக்காலா என்று நல்ல மனசோடு கேட்டார்.

மோதிரம் வேண்டாமென்றார் செல்வராணி. இந்த ஒரு மாதம் மட்டும் படிகளையெல்லாம் எடுத்து பேசிக்கில் சேர்த்துவிடச் சொன்னார். கடிதம் தயாராக இருந்தது.

"மொத்தம் கூடுதா?"

"இல்லைங்க. அதே முப்பத்து நாலுதான்."

"அப்பப் போடுங்கம்மா, இதுக்கா இவ்வளவு தயக்கம்?" என்று பேனாவைத் திறந்தார். இருபது வருடமாக அவர் தாளில் மொத்தத்தை மட்டுமே பார்ப்பவர்.

அந்த இடத்தில் பேசாமல் இருந்திருக்கலாம். சட்டத்தின் சந்துபொந்தெல்லாம் முதலாளிக்காகத் தேடிக் கொடுத்த அம்மாள், முதலாளியை மட்டும் அரை நிமிடம்கூட ஏமாற்ற மனம் வராமல், "அடுத்த பக்கத்தையும் பாத்துருங்க" என்றார்.

அடுத்த பக்கத்தில் இரண்டு தொகைகள். பழைய பேசிக்குக்கு 2,10,000. புதிய பேசிக்குக்கு 5,49,231.

குமரப்பன் பேனாவை மூடினார்.

"ஒரு மாசத்த மாத்துனா இருபத்தெட்டு வருசத்துக்கும் மாறுமா?"

"மாறும்ங்க. பி.எஃப். ஒவ்வொரு மாசத்தையும் எழுதிவச்சிருக்கும். கிராஜுவிட்டி கடைசியா வாங்குன சம்பளத்த மட்டுந்தான் கேக்கும்."

ஆடிட்டருக்குப் போன் போட்டார். சட்டம் அதைத்தான் சொல்கிறது, அதற்கு மேல் கொடுக்க நினைத்தாலும் சட்டம் தடுக்காது என்றார் பிரகதீஸ்வரி. தடுக்காத சட்டத்தின்மேல் குமரப்பனுக்குக் கோபம் வந்தது.

"இந்த அலவன்ஸ் ஏற்பாடே ஒங்க யோசனைதானம்மா?"

"ஆமாங்க. நாந்தான்."

"அதுல ஒங்களுக்கே அடின்னு தெரியாதா?"

"போன வாரந்தாங்க தெரிஞ்சுச்சு."

இதைச் சொன்னபோது அவர் முகம் இருந்த இருப்பில் குமரப்பனுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. வியாபாரி செய்யக்கூடியதைச் செய்தார்: பேரம் பேசினார். இருபதாயிரம் என்றார். செல்வராணி கால்குலேட்டரைத் தொடாமலே, அது மூன்று லட்சத்து இருபத்து மூவாயிரத்துச் சொச்சம், வீட்டுக்குக் காணாது என்றார். வீட்டுக் கதையும் அப்போதுதான் வெளியே வந்தது. பிறகு இருபத்தாறாயிரம் கேட்டார்.

"அது என்ன இருபத்தாறு?"

"இருபத்தாறுல வகுத்தா மீதி வராதுங்க. நாலு லட்சத்து இருபதாயிரம், ஒத்த ரூவா உடையாம."

குமரப்பன் மோதிரத்தின் விலையை மனதுக்குள் கழித்துப் பார்த்திருப்பார் போல. கடிதத்தில் தொகையைத் திருத்தி, பக்கத்தில் ஒரு சின்னக் கையெழுத்தும் கீழே பெரிய கையெழுத்தும் போட்டார். வீட்டுக்குக் காணும். அக்காள் கடனும் அடைத்தது போக, இருபதாயிரம் மிஞ்சும்.

எழுந்தவர் கதவருகில் நின்று, ஏப்ரலில் மற்ற அறுபத்து நாலு பேருக்கும் உயர்வு போட வேண்டுமே, பேசிக்கிலா அலவன்ஸிலா என்று கேட்டார்.

"அலவன்ஸ்லயே போடுங்க, அதுதான் லாபம்" என்றது செல்வராணியின் வாய்.

சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. இல்லைங்க, அது வந்து, என்று ஆரம்பிப்பதற்குள் குமரப்பன் தலையை ஆட்டிவிட்டுக் காருக்குப் போய்விட்டார். செருப்பை மாட்டிக்கொள்ளவும் மறந்து, வெயிலில் அவர் பின்னாலேயே ஓடினார் செல்வராணி.