தெளிந்து கிடந்த பீக்கர்

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம். சில்வர் குளோரைட்டின் கரைதிறன் பெருக்கம் 1.8 × 10⁻¹⁰. சில்வர் அயன் அமோனியாவோடு சிக்கல் அயனாகும் மாறிலி 1.7 × 10⁷. இரண்டையும் பெருக்கி, அது அமோனியாவில் கரையும் போக்கைக் காட்டும் எண்ணாகக் கரும்பலகையில் 3 × 10⁻³ என்று எழுதினேன்.

"ஆயிரத்தில மூண்டெண்டால் கரையாதே, ரீச்சர்?" என்றாள் முன்வாங்கு மாணவி.

"அமோனியாவைக் கூட்டினால் கரையும், பாருங்கோ."

பீக்கரில் இருந்த வெள்ளை சில்வர் குளோரைட் வீழ்படிவின் மேல் செறிந்த அமோனியாவைத் தாராளமாக ஊற்றினேன். பீக்கர் தண்ணீர்போலத் தெளிந்தது. மணி அடித்தது, எல்லோரும் ஓடினோம்.

கொக்குவில் வீட்டில் தேநீரைக் கையில் எடுத்தபோதுதான் பீக்கர் நினைவுக்கு வந்தது. அந்தக் கரைசலை அப்படியே விட்டுவைத்தால் அமோனியா பறந்து, தொட்டாலே வெடிக்கும் கறுப்புத் தூள் படியலாம். அதைக் கழுவப் போகிறவர் ஆய்வுகூடத்து அண்ணை. போன் எடுத்தேன், அவர் எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது.

அவர் அப்போதுதான் கதவைப் பூட்ட வந்திருந்தார். "உது வெறும் தண்ணிதானே ரீச்சர், நான் கழுவிவிடுறன்" என்று பீக்கரை நோக்கிக் கையை நீட்டினார்.

"தொடாதேங்கோ!"

தண்ணீர் கலந்து ஐதாக்கிய நைத்திரிக்கமிலத்தைத் துளித்துளியாக விட்டேன். அமிலம் அமோனியாவைப் பறிக்கப் பறிக்க, கரைவது கடினம் என்று கரும்பலகையில் சொன்ன அந்தச் சின்ன எண் தன் வேலையைக் காட்டியது. வெள்ளை வீழ்படிவு திரும்பி வந்தது. இனிப் பயமில்லை.

"கரைஞ்சதைத் திருப்பிக் கலங்கவைக்கிறதுக்கோ இவ்வளவு பதட்டம்?" என்று சிரித்தார்.

பீக்கரைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்த அவருடைய பத்து விரல்களையும் பார்த்தபடி நின்றேன்.