வாளியில் முக்கிய லைஃப் ஜாக்கெட்

தூத்துக்குடி விசைப்படகில் வேலை செய்யும் என் மகன், மீன்பிடித் தடைக்காலத்தில் சங்கரன்கோவில் வந்தபோது லைஃப் ஜாக்கெட்டையும் கொண்டுவந்திருந்தான். நுரை வைத்தது வலை இழுக்கையில் புழுங்குகிறதென்று, தண்ணீரில் விழுந்தால் உள்ளே இருக்கும் சின்ன கேஸ் சிலிண்டரால் தானே ஊதிக்கொள்ளும் மெல்லியதை வாங்கியிருந்தான்.

உப்பு நாற்றம் தாங்காமல், அவன் வெளியே போயிருந்தபோது அதை வாளியில் முக்கினேன். படாரென்று ஊதியது. பயந்துபோய்க் காற்றைப் பிதுக்கி எடுத்து, காயவைத்து, நேர்த்தியாக மடித்து வைத்தேன். அவனிடம் சொல்லவில்லை.

தடை முடிந்து அவன் கடலுக்குப் போகும் நாளில்தான், அது மறுபடி எப்படி ஊதும் என்று உறைத்தது. நான்காவது முறைதான் போனை எடுத்தான்.

"ஏலே, ஜாக்கெட்டைத் துவைச்சுட்டேன்ல! ஊதிட்டு!"

"இரும்மா, சிலிண்டரைக் கழட்டிப் பாக்கேன்." சற்றுக் கழித்து, "மூடியில ஓட்டை விழுந்திருக்கும்மா. கேஸ் இல்ல. தண்ணி பட்டா கரையுற மாத்திரையும் போச்சு. விழுந்திருந்தா தானா ஊதியிருக்காது."

"கிளம்பும்போது பாக்கலையாலே?"

"மடிப்பு புதுசு மாதிரி இருந்துச்சு. விட்டுட்டேன்."

"போகாதல மக்கா."

"படகுல நுரை ஜாக்கெட் கெடக்கு. வாரையெல்லாம் இழுத்துப் பாத்துட்டேன், அமுக்குனா நுரை எழும்புது. அதப் போட்டுக்கிடுதேன். அழாதம்மா."

இப்போது அவன் போனில் சிக்னல் இல்லை. புழுக்கத்தில் அவன் நுரை ஜாக்கெட்டைக் கழற்றிவிடாமல் இருக்க வேண்டும்.