எட்டாம் நிமிடத்தில் அவள் பேசியது

அறுபதுகளில் விருதுநகரில் ஆசிரியையாக இருந்துகொண்டே, பட்டாசுத் தொழிலில் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினேன். வானொலியின் கிராம நிகழ்ச்சியில் ஒரு வியாழக்கிழமை மாலை நாரணாபுரத்துத் தொழிலாளி ஒருத்தி பேசினாள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னதை வேகவேகமாக எழுதி, அடிக்குறிப்பில் தேதியும், எட்டாம் நிமிடம் பத்தாம் வினாடி என்று நேரமும் போட்டேன். நடத்துபவர் பெயருக்கு, நிகழ்ச்சியில் எல்லாரும் கூப்பிட்டபடி 'மாமா' என்றே எழுதிவைத்தேன். என் கெட்டிக்காரத்தனம் அவ்வளவுதான்.

கட்டுரையைத் திருத்திய பேராசிரியை சிவப்பு மையால் இரண்டு இடங்களில் வட்டமிட்டிருந்தார். ஒன்று, மேற்கோளில் அவள் பெயர். இன்னொன்று பின்னிணைப்பில்: அதே வாரம் பட்டாசு ஆலை விபத்தில் இறந்தவர்கள் பட்டியலில் அதே பெயர், அதே ஊர்.

"திங்கட்கிழமை இறந்தவங்க வியாழக்கிழமை எப்படிப் பேசினாங்க? ஆதாரம் இல்லேன்னா இந்த மேற்கோளை எடுத்துடுங்க" என்றார்.

பட்டியலை நகலெடுத்தவளும் நான், மேற்கோளை எழுதியவளும் நான். அவள் இறந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வானொலி நிலையத்துக்கு எழுதினேன். தயாரிப்பாளர் கையெழுத்திட்ட பதில் வந்தது. ஒலிப்பதிவு செய்தது அதற்கு முந்தைய வாரம், ஒலிபரப்பானதுதான் வியாழக்கிழமை. 'மாமா'வின் சொந்தப் பெயரையும் எழுதியிருந்தார். ஒலிநாடாவை அழித்து வேறு நிகழ்ச்சிக்குப் பயன்படுத்திவிட்டார்களாம்.

மேற்கோள் பிழைத்தது. அதைச் சொல்ல நாரணாபுரத்தில் அவள் கணவரிடம் போனேன்.

"வாங்க டீச்சர். பஞ்சாயத்து ரேடியோவுல நானும் கேட்டேன். அப்ப அவளப் பொதைச்சு மூணு நாளு" என்றார். "என்ன எழுதிருக்கீக? வாசிங்க."

வாசித்தேன்: "கைகளை நன்கு கழுவிய பின்னரே குழந்தையைத் தொடுவேன். ஆயினும் வெடிமருந்தின் மணம் நீங்குவதில்லை."

அவர் என்னையே பார்த்தார்.

"இது யாரு பேசுனது? அவ இப்படியா பேசுவா? எம்புட்டுக் கழுவுனாலும் மருந்து நாத்தம் போவ மாட்டேங்குதுன்னுல்ல சொன்னா. பிள்ளைன்னு சொல்றதுக்கு முந்தி கொஞ்சம் நின்னா டீச்சர். அது எங்க?"

பள்ளியில் பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்துகிற பழக்கத்தில், காதில் விழுந்ததையும் திருத்தித்தான் எழுதியிருக்கிறேன். அப்படிச் செய்ததுகூட எனக்குத் தெரியவில்லை. அவள் வார்த்தை என் குறிப்பேட்டிலும் இல்லை. அவர் சொன்னதை வைத்து மாற்றவும் முடியாது. அது வானொலியில் வந்தது என்று எதைக் காட்டுவேன்? அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

கட்டுரை அப்படியே ஏற்கப்பட்டது. நடத்தியவர், தயாரிப்பாளர், பதிவான நாள், ஒலிபரப்பான நாள், நிமிடம், வினாடி என்று அடிக்குறிப்பில் ஒரு பிழையும் இல்லை என்று பேராசிரியை பாராட்டினார். மேற்கோள் குறிகளுக்குள் இருப்பது என் பேச்சு.