மூன்றாவது கட்டத்தில் எழுதியது

பத்திரிகை வேலையை விட்ட பிறகு, ஓப்பநாயக்கவில் என் வீட்டிலிருந்தபடியே கொழும்பு விளம்பர நிறுவனம் ஒன்றுக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். வேலை ஓர் அட்டவணையாக வரும். முதல் கட்டத்தில் ஆங்கிலம் இருக்கும். இரண்டாவதில் நான் தமிழை எழுத வேண்டும். மூன்றாவதில் அந்தத் தமிழை மறுபடி ஆங்கிலத்தில், உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். தமிழ் தெரியாத வாடிக்கையாளர் மூன்றாவது கட்டத்தைப் பார்த்துத்தான் சம்மதம் சொல்வார்.

ஒருமுறை கைக்குப் பூசும் கிரீம் வந்தது. தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கென்று சின்னப் பைக்கற்றில் போட்டிருந்தார்கள். உன்னை நீயே சீராட்டிக்கொள், அதற்கு நீ உரியவள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் இரண்டு வரிகள். ஆங்கிலத்தில் அவை நன்றாகவே இருந்தன.

அந்த வரிகளை மடுவத்தில், கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்று சொல்லப்போகிறவள் எங்கள் வீட்டுக்குப் பின்னால், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தாள். இரண்டு பிள்ளைகளின் தாய். பல வருடங்கள் மலையேறிக் கொழுந்தெடுத்ததில் இடது முழங்கால் கெட்டிருந்தது. கிரீம் கம்பெனி அவளை இந்த வேலைக்குப் பரீட்சார்த்தமாக எடுத்திருந்தது. முதல் தோட்டத்தில் அவள் பேச்சு எடுபட்டால் தமிழ்த் தோட்டங்களுக்கு அவளே நிரந்தரம். இல்லையென்றால் மறுபடி மலை.

‘தேயிலை பறிக்கும் கைகளே’ என்று நான் முதலில் எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

“யாரு அக்கா தேயிலை பறிக்கிறா? நாங்க கொழுந்துல்ல எடுக்கிறோம்,” என்றாள்.

மாற்றினேன். அன்று மாலை முழுக்க இருவரும் உட்கார்ந்து கடைசியில் இப்படி வந்தது: ‘நாள் முழுக்க கொழுந்து எடுத்த கை. வீட்டுக்கு வந்தாலும் அதுக்கு ஓய்வு இல்ல. படுக்கிறதுக்கு முன்ன ரெண்டு நிமிஷம் அதையும் கவனிங்க.’ ஒருமுறை கேட்டுவிட்டுத் தாளைப் பார்க்காமலே சொன்னாள். சொல்லும்போது தன் விரலைப் பார்த்துக்கொண்டாள். வெடிப்புகளுக்குள் கொழுந்துக் கறை கறுப்பாக இறங்கியிருந்தது.

மூன்றாவது கட்டத்தில் நான் இருந்ததை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினேன். யாரும் சொல்லாததைச் சொன்னதாக எழுதக் கூடாது என்பது பத்திரிகையில் படிந்த பழக்கம். ஏன் மாற்றினேன் என்று கீழே ஒரு குறிப்பும் வைத்தேன்.

இரண்டு நாளில் விளம்பர நிறுவனத்திலிருந்து ஒரு தம்பி அழைத்தார்.

“மிஸ், சீராட்டுறது எங்க, தகுதி எங்கன்னு கிளையன்ட் கேக்கிறாங்க. கொழுந்துன்னு ஒண்ணு புதுசா வந்திருக்காம்.”

“குறிப்பு வாசிச்சாங்களா?”

“கட்டத்த மட்டுந்தான் பாப்பாங்க மிஸ். சிங்களத்துல எல்லாம் சொல்லுக்குச் சொல் இருக்கு. தமிழ்ல மட்டும் இல்லாட்டி நாங்க விட்டுட்டோம்னு நினைப்பாங்க.”

மறுநாள் விளம்பர நிறுவனத்தில் அவர்களே ஒன்றை எழுதி அச்சடித்துவிட்டார்கள். ‘உங்களை நீங்களே சீராட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் அதற்குத் தகுதியானவர்.’ ஒரு சொல்லும் மாறக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு.

பகல் நிறுவைக்கு நானும் மடுவத்துக்குப் போனேன். கம்பெனியின் மேற்பார்வையாளர், சிங்கள இளைஞர், போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் தாளை இரண்டு கையாலும் பிடித்து வாசித்தாள்.

 பிறகு வரிசையிலிருந்து ஒருத்தி, “என்னா புள்ள, லேபர் ஆபீஸ் கடிதமா?” என்றாள்.

“தகுதியாம்ல. கிலோ கொறஞ்சா தகுதி இல்லையா?” என்றாள் இன்னொருத்தி. சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் கூடைகளை எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அவள் தாளைத் தாழ்த்தினாள். “அக்கா, கைய காட்டுங்க. நாள் முழுக்க கொழுந்து எடுத்த கை...” என்று தொடங்கினாள். முன்னால் நின்ற அக்கா கூடையை வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். பின்னால் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

“பேப்பர் எக பலன்ன,” என்றார் மேற்பார்வையாளர், தாளைப் பார்க்கச் சொல்லி.

அவள் சிங்களத்தில் அவரிடம் ஏதோ கெஞ்சினாள். அவர் போனைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். படத்தை அவருடைய மேலதிகாரி பார்ப்பார். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு அங்கே எந்த உரிமையும் இல்லை. நீட்டிய கை மடங்கிப் போவதையும், அவள் மறுபடி முதல் வரியிலிருந்து வாசிப்பதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல்லும் தவறவில்லை. பெண்கள் இலவசப் பைக்கற்றை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்த வாரம் அந்தத் தம்பி தகவல் சொன்னார். தமிழ்த் தோட்டங்களில் ஆர்வம் இல்லை என்று அறிக்கை போயிருந்தது. மற்றத் தோட்டங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள்.

அவளிடம் சொல்ல லயத்துக்குப் போனேன். வாசலில் குந்தி, விரல்களுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

“அக்கா, அந்த மூணாவது கட்டத்துல அவங்க கேட்டதயே எழுதியிருந்தா, நம்ம தமிழ் அப்பிடியே போயிருக்கும்ல? அவங்களுக்குத்தான் தமிழ் தெரியாதே.”

“போயிருக்கும்.”

“பின்ன ஏன்க்கா எழுதல?”

இருந்ததைத்தான் எழுத வேண்டும் என்றேன். அவள் தலையாட்டினாள். துணியின் நுனியைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டுவிட்டுக் கூடையை எடுத்தாள். மேட்டில் ஏறும்போது வலது காலைத்தான் முதலில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது புதிய அட்டவணை ஒன்று வந்திருந்தது. ஷாம்பு. இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன.