நான் சேர்க்கச் சொன்ன வரி

மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயசில், என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு எந்த வேலையிலும் மூன்று வருஷம் தாண்டியதில்லை. பைராம் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை லாரியில் ஏற்றினேன். மாக் மண்டினில் வெல்டிங் பட்டறையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன். பிறகு ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் பள்ளிக்கு வேன் ஓட்டினேன். வேன் ஓடாத நேரத்தில் ஆபீசில் போட்டோஸ்டாட் எடுப்பதும், கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தான்.

அங்கே கணக்கு டீச்சர் ஒருவர் இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்தார். வீடு கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில். மாலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு அவரை ஃபெரியில் ஏற்றிவிடப் போவேன். முன் இருக்கையில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வருவார்.

"இன்னும் மூணு வருஷத்துல எனக்கு அறுபது. அதோட அனுப்பிடுவாங்க தம்பி. இபிஎஃப் சேமநிதியில இருக்கிறது எத்தனை வருஷம் தாங்கும்னு போட்டுப் பார்த்தேன். கணக்கு டீச்சராப் போயிட்டேன், தப்பாவும் போட வரலை."

சம்பளம் கொஞ்சம் ஏறினால் முதலாளி கட்டும் இபிஎஃப் பங்கும் ஏறும். கடைசி மூன்று வருஷத்துக்காவது அது கிடைக்கட்டும் என்று ஒரு கடிதம் எழுதினார். பள்ளி முதல்வர் வழியாக நிர்வாகத்துக்கு. எத்தனை வருஷச் சேவை, எந்தெந்த வகுப்புகள், தேர்வு முடிவுகள், கடைசியாகச் சம்பளம் எப்போது மறுபரிசீலனை செய்யப்பட்டது, நேரில் பேச ஒரு நேரம் தர முடியுமா. ஆங்கிலக் கடிதம். எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார்.

"இப்படி எழுதினா தேங்க்யூன்னு சொல்லி டிராயர்ல வச்சிடுவாங்க லா," என்றேன். "புதுசா வந்த டீச்சருக்கு உங்களைவிட இருநூறு வெள்ளி சம்பளம் கூட. அதைப் போடுங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் புது டீச்சர் பெண்ணின் வேலை நியமனக் கடிதத்தை, பத்து காவான் என்ற ஊரில் இருந்த அவள் வீட்டுக்கு எடுத்துப் போய்க் கையெழுத்து வாங்கி வந்தது நான். உறையை ஒட்டாமல் கொடுத்திருந்தார்கள். சிவப்பு விளக்கில் நின்றபோது எடுத்துப் பார்த்தேன். என் ஆங்கிலத்துக்கு எண்கள் கஷ்டமில்லை.

மறுநாள் கடிதத்தில் அந்த வரி இருந்தது. இருநூறு என்றுகூடத் தெளிவாகப் போட்டிருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பத்து நாள் கழித்து டீச்சரை முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அன்று மாலை வேனில் ஏறியதும் டீச்சர் சொன்னார்.

"என் சம்பளத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கலை தம்பி. அந்த எண்ணு எப்படித் தெரியும், யார் சொன்னதுன்னுதான் கேட்டாங்க. சம்பளம் ரகசியம்னு கான்ட்ராக்ட்ல இருக்காம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"என்ன சொன்னீங்க?"

"டீச்சர்கள் அறையில பொதுவாப் பேசினது காதுல விழுந்துச்சுன்னு சொன்னேன்."

மறுநாள் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மூன்று நாளில் பதில் எழுத வேண்டும். அவர் அதே பொய்யை எழுதிக் கொடுத்தார். நிர்வாகம் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது, எல்லா ஆசிரியர்களையும் கூட்டியும் எச்சரித்தது. டீச்சர்கள் அறையில் யாரும் சம்பளத்தைப் பற்றிப் பேசியதில்லை என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். கேன்டீனில் அவர் உட்கார்ந்த மேசையில் பிறகு யாரும் உட்காரவில்லை. புதுப் பெண் அவரைக் கண்டால் வேறு பக்கம் நடந்தாள்.

நான்தான் பார்த்துச் சொன்னேன் என்று சொல்லிவிட எச்ஆர் அறை வாசல்வரை போனேன். அங்கே இருந்தது நம் தமிழ் ஆள்தான், சின்னப் பெண். "என்னண்ணே, மறுபடியும் லீவா?" என்று சிரித்தாள். ஆமாம் என்றேன். ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

அதை டீச்சரிடம் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு. நீங்க போய்ச் சொன்னா உங்க வேலை போகும். நான் எழுதிக் கொடுத்ததும் பொய்னு ஆகும். எனக்கு அதுல ஒரு வெள்ளி ஏறாது," என்றார். ஃபெரி வந்துவிட்டது. இறங்கிப் போனார்.

அவருடைய சம்பளக் கடிதத்துக்கான பதிலை என்னிடமேதான் கொடுத்தனுப்பினார்கள். இந்த முறை உறையின் வாயில் டேப் ஒட்டி, மேலே இரண்டு ஸ்டேப்பிள் அடித்திருந்தது. அதற்குப் பிறகு எல்லா உறையும் அப்படித்தான் வந்தன.

வகுப்பு முடிந்து வெளியே வந்தவரிடம் நீட்டினேன். சாக்பீஸ் தூள் கையோடு அதைப் பிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. என் வண்டிச் சாவியால் கிழித்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

"எச்சரிக்கைக் கடிதம் ஃபைல்ல இருக்கிறதால ஒரு வருஷத்துக்கு சம்பள உயர்வைப் பரிசீலிக்க முடியாதாம். வருஷா வருஷம் ஏர்ற ஐம்பது வெள்ளியும் இல்லை."

"அப்புறம் இரண்டு வருஷம் இருக்கே டீச்சர்."

"ஆமா, இருக்கு," என்றார்.

அந்த வருஷக் கடைசியில் நான் வேலையை விட்டேன். விலகும் படிவத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. எச்ஆர் பெண், "ஏதாவது போடுங்கண்ணே, சும்மா விடக் கூடாது," என்றாள். பேனாவை வாங்கினேன். உறையைப் பிரித்துப் பார்த்தது நான் என்று இப்போதாவது எழுதலாம், எனக்கு இனி போவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் எழுதினால், டீச்சர் கொடுத்த விளக்கம் பொய் என்பதும் அவர் ஃபைலில் சேரும். 'சொந்தக் காரணம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் அதை உறையில் போட்டு ஸ்டேப்பிள் அடித்தாள்.